துணைநூற்பட்டியலை ஒரே நடைக்குக் கொண்டுவருவது எப்படி? ஆய்வேடு ஒப்படைக்கப்போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரை நாயக்கர் காலக் கோயில் நிர்வாகம் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுத்து வேலை முடிந்த பிறகும் மூன்று வாரம் தாமதமானது. காரணம், கடைசிப் பதினான்கு பக்கம். துணைநூற்பட்டியலில் 214 பதிவுகள் இருந்தன. நான்கு வருடத்தில் நான்கு இடங்களிலிருந்து சேர்ந்தவை: என் நோட்டுப் புத்தகம், நூலக அட்டைகள், மற்றவர்களின் ஆய்வேடுகள், ஒரு டைப்பிங் சென்டரில் அடித்து வாங்கிய பழைய கோப்பு. என் நெறியாளர் அம்மா பட்டியலைப் பென்சிலோடு எடுத்து உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிடம் நிமிர்ந்து, "ஏப்பா, இந்தச் சாஸ்திரி ஒருத்தரா, மூணு பேரா?" என்று கேட்டார்.

ஒருவர்தான். மூன்று இடத்தில் மூன்று விதமாக உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். முதல் நான்கு நாள் வீண். பதிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெட்டது. ஐந்தாம் நாள்தான் வழி புரிந்தது: பதிவை வாக்கியமாக வைத்துத் திருத்தக் கூடாது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டங்களில் போட வேண்டும், துண்டுகளைச் சரிசெய்ய வேண்டும், பிறகு கணினியையே ஒரே வரிசையில் கோக்கச் சொல்ல வேண்டும். அந்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ் நூல்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஆங்கிலக் கையேடுகள் சொல்லாத சிக்கல்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, உங்கள் துறை எந்த நடையை ஏற்கிறது என்பது. எம்எல்ஏ, ஏபிஏ, சிகாகோ என்று பெயர் சொல்வதோடு பல துறைகள் நின்றுவிடும். பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். உங்கள் நெறியாளரின் கீழ் அண்மையில் பட்டம் வாங்கிய ஒருவரின் ஆய்வேட்டை எடுத்து, பட்டியலின் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷோத்கங்கா தளத்தில் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. நெறியாளரிடம் காட்டி, "இதே மாதிரி போட்டால் போதுமா?" என்று கேட்டு, அவர் கையாலேயே ஒரு மாதிரிப் பதிவை எழுதி வாங்குங்கள். தமிழ் நூல் ஒன்று, ஆங்கில நூல் ஒன்று, இதழ்க் கட்டுரை ஒன்று. இந்த மூன்று வரிதான் இனி உங்கள் சட்டம்.

இரண்டாவது தேவை, ஒவ்வொரு நூலின் தலைப்புப் பக்கமும் அதன் பின்பக்கமும். அட்டை போதாது. அட்டையில் "உ.வே.சா." என்று இருக்கும், உள்ளே முழுப் பெயர் இருக்கும். அட்டையில் ஆண்டே இருக்காது. செல்போனில் இரண்டு படம் எடுத்தால் வேலை முடிந்தது. நான் இதை ஆரம்பத்தில் செய்யவில்லை. அதனால் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் பின்பக்கம் பார்ப்பதற்காக மட்டுமே ஆறு முறை போனேன். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் முதல் சில பக்கங்களைத் திறந்து பார்த்தாலே பல சமயம் போதும், பஸ் செலவு மிச்சம்.

மூன்றாவது, எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ் கால்க். இரண்டாவது இலவசம். செலவு என்று பார்த்தால் நான் செய்தது ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும்தான். டைப்பிங் சென்டரில் "பட்டியலைச் சரிபண்ணித் தருகிறோம்" என்று பக்கத்துக்கு இவ்வளவு என வாங்குவார்கள். அவர்கள் இடைவெளியையும் எழுத்தளவையும் ஒழுங்கு செய்வார்கள். ஒரு சாஸ்திரியா மூன்று சாஸ்திரியா என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

2. எழுத்துரு: பழைய கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்

மதுரையில் பல டிடிபி கடைகளில் இன்றும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் அடிக்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்து. பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல் உண்மையில் இப்படி இருக்கிறது:

```
jkpo;
```

இதை எக்செலில் ஒட்டினால் இப்படியேதான் வரும். தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. கோப்பில் எந்த எழுத்துரு என்று பார்த்து, அதைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். ஆங்கிலப் பதிவுகளைத் தனிக் கோப்பாகப் பிரித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். சேர்த்து மாற்றினால் ஆங்கிலப் பெயர்களும் தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடும்.

இன்னொரு பொறி கண்ணுக்கே தெரியாது. "ஔவை" என்பதில் முதல் எழுத்து ஒரே எழுத்து. ஆனால் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து "ஒளவை" ஆக்கிவிடுகிறார்கள். அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். சந்தேகம் வந்தால் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்:

```
=LEN(B2)
```

சரியான "ஔவை" மட்டும் அந்தக் கட்டத்தில் இருந்தால் 3 வரும். பிரித்து அடித்திருந்தால் 4 வரும். "கௌரி", "கெளரி" என்பதிலும் இதே கதைதான்.

இங்கே நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். "கெள" என்றிருப்பதை எல்லாம் ஒரே அடியில் சரிசெய்யலாம் என்று ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் எல்லா இடத்தையும் ஔகாரக் குறியாக மாற்றினேன். அரை நிமிடத்தில் முடிந்தது. பிறகு பார்த்தால் "வெளியீடு" என்று இருந்த இடமெல்லாம் "வௌியீடு" ஆகியிருந்தது. "தெளிவுரை" எல்லாம் போயே போயிற்று. "ஒள" என்பதை மாற்றினால் "ஒளி" கெடும். ஆகவே முழுச் சொல்லைக் கொடுத்து மட்டும் மாற்றுங்கள்: "ஒளவை" என்றால் "ஔவை", "கெளரி" என்றால் "கௌரி". அப்படி இருக்கும் சொற்கள் மொத்தம் பத்துகூட வராது.

3. கட்டங்களைப் போடுங்கள்

நூல்களுக்கு ஒரு தாள், இதழ்க் கட்டுரைகளுக்கு இன்னொரு தாள், ஆங்கில நூல்களுக்கு மூன்றாவது. ஒவ்வொன்றிலும் முதல் வரியில் தலைப்பு. நூல் தாளில் நான் வைத்த வரிசை: A பெயர், B தலைப்பெழுத்து, C பங்கு, D நூல் தலைப்பு, E பதிப்பு, F ஊர், G பதிப்பகம், H ஆண்டு, I குறிப்பு.

"பங்கு" என்றால் அந்த ஆள் அந்த நூலில் என்ன செய்தார் என்பது. ஆசிரியர் என்றால் வெறுமையாக விடுங்கள். பதிப்பாசிரியர் என்றால் "பதி.", உரையாசிரியர் என்றால் "உரை.", மொழிபெயர்ப்பாளர் என்றால் "மொ.பெ." என்று போடுங்கள். சங்க இலக்கியமும் பக்தி இலக்கியமும் மேற்கோள் காட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டம்தான் உயிர். புறநானூற்றுக்கு ஒரே ஆசிரியர் கிடையாது. நீங்கள் பயன்படுத்தியது சாமிநாதையர் பதிப்பா, ஔவை துரைசாமிப்பிள்ளை உரையா என்பதைச் சொன்னால்தான் பக்க எண்ணுக்கு அர்த்தம் வரும். சிலர் ஆசிரியர் இடத்தில் "சங்கப் புலவர்கள்" என்று எழுதுகிறார்கள். அதை வைத்து யாராலும் எந்தப் புத்தகத்தையும் எடுக்க முடியாது.

பிரிக்கும் வேலையை எக்செலின் தானாகப் பிரிக்கும் வசதியிடம் விடாதீர்கள். அது காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டும். உங்கள் பழைய பதிவுகளில் காற்புள்ளி ஒழுங்காக இருந்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. தலைப்புப் பக்கப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் அடியுங்கள். எனக்கு ஒரு பதிவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆனது. இரண்டு நாள் வேலை. இந்த இரண்டு நாளில் சுருக்கப் பார்த்தால் பின்னால் நான்கு நாளாகக் கொடுக்க வேண்டிவரும்.

4. பெயர்: எது முன்னால், எது பின்னால்

அதிக நேரம் இங்கேதான் போகும்.

ஆங்கில நடைக் கையேடுகள் "குடும்பப் பெயர், காற்புள்ளி, சொந்தப் பெயர்" என்று சொல்லும். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. முன்னால் நிற்பது ஊரின், தந்தையின் தலைப்பெழுத்து. ஆகவே நம் விதி எளிது: சொந்தப் பெயர் முழுவதும் A கட்டத்தில், தலைப்பெழுத்து எல்லாம் B கட்டத்தில். சாமிநாதையர் A-யில், "உ. வே." B-யில். துரைசாமிப்பிள்ளை A-யில், "ஔவை சு." B-யில். இங்கே "ஔவை" என்பது அவர் பிறந்த ஔவையார்குப்பத்தைக் குறிக்கும் ஊர்ப்பெயர், "சு." தந்தை பெயரின் தலைப்பெழுத்து. இது தெரியாமல் அவரை ஔகாரத்தில் போட்டுத் தேடியவன் நான். தியாகராசர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவரை மதுரைக்காரன் ஒருவன் பட்டியலில் தொலைத்துவிட்டேன் என்று நெறியாளர் அம்மாவுக்கு நிஜமாகவே வருத்தம்.

முனைவர், பேராசிரியர், டாக்டர், திரு ஆகியவை பெயர்க் கட்டத்தில் வரக் கூடாது. ஆனால் பதிப்பகத்தின் பெயரிலேயே அது இருந்தால் நீக்கக் கூடாது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் என்பதில் "டாக்டர்" பெயரின் ஒரு பகுதி.

இப்போது சாஸ்திரி கதைக்கு வருகிறேன். என் பட்டியலில் இருந்த மூன்று பதிவுகள் இவை, அப்படியே தருகிறேன்:

```
K.A.N. Sastri, Pandyan Kingdom, London 1929
Nilakanta Sastri K.A (1929), "The Pandyan Kingdom", Luzac & Co
Sastri, K A Nilakanta. The Pandyan kingdom. 1929, London.
```

மூன்றும் ஒரே புத்தகம். மூன்றாவது வடிவம் எப்படி வந்தது என்று தேடினேன். மேற்கோள் மென்பொருள் ஒன்றில் பெயரை நேராக அடித்திருக்கிறேன். அது கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டது. அந்த மென்பொருள்கள் நடந்துகொள்ளும் விதம் இதுதான்:

```
K. A. Nilakanta Sastri   ->  Sastri, K. A. Nilakanta
Nilakanta Sastri, K. A.  ->  Nilakanta Sastri, K. A.
```

"நீலகண்ட சாஸ்திரி" முழுவதும் அவருடைய பெயர். "கே. ஏ." மட்டுமே தலைப்பெழுத்து. பெரிய நூலகங்களும் அவரை ந என்ற எழுத்தின் கீழ்தான் வைத்திருக்கின்றன. ஜோட்டெரோ போன்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் என்ற இரண்டு கட்டத்தையும் தாங்களே நிரப்ப வேண்டும். "நீலகண்ட சாஸ்திரி" கடைசிப்பெயரில், "கே. ஏ." முதற்பெயரில்.

எல்லோருக்கும் இந்த விதி என்று நினைத்து மீனாட்சியம்மன் கோயில் பட்டர்களைப் பற்றி எழுதிய ஃபுல்லர் போன்றவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு உண்மையிலேயே குடும்பப் பெயர் இருக்கிறது, அது A-யில் போகும்.

பெயர் முடிந்ததும் A கட்டத்துக்கு வடிகட்டி போட்டு, கீழே விழும் பட்டியலைப் பாருங்கள். "சாமிநாதையர்", "சாமிநாதய்யர்", "சாமிநாத ஐயர்" மூன்றும் அடுத்தடுத்து நிற்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மாற்றுங்கள். "இராமசாமி", "ராமசாமி" மட்டும் தூரத்தில் இருக்கும், அதைத் தனியாகத் தேட வேண்டும். இதே ஆள்தானா என்பதைத் தலைப்பெழுத்தை வைத்து உறுதிசெய்த பிறகே ஒன்றாக்குங்கள். என் பட்டியலில் 214 இருந்தது இந்த வேலைக்குப் பிறகு 187 ஆனது.

5. பதிப்பகமும் ஊரும்

பதிப்பகக் கட்டத்துக்கும் அதே வடிகட்டி. எனக்கு வந்தவை: "கழகம்", "கழக வெளியீடு", "சைவ சித்தாந்தக் கழகம்", "தெ.இ.சை.சி.நூ.ப.கழகம்", "திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம்". ஐந்தும் ஒரே பதிப்பகம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. "திருநெல்வேலி" பதிப்பகத்தின் பெயரில் இருப்பதால் பதினொரு நூலுக்கு ஊர்க் கட்டத்தில் திருநெல்வேலி என்று போட்டு வைத்திருந்தேன். நான் பயன்படுத்திய பிரதிகளின் பின்பக்கத்தில் சென்னை என்று இருந்தது. ஊரைப் பெயரிலிருந்து ஊகிக்காதீர்கள், பின்பக்கத்தில் பாருங்கள்.

பல ஊர்கள் அச்சிட்டிருந்தால் முதலில் உள்ள ஊர். அச்சகத்தின் ஊரும் பதிப்பகத்தின் ஊரும் வேறாக இருந்தால் பதிப்பகத்தின் ஊர். சிவகாசியில் அச்சடித்த எல்லா நூலும் சிவகாசி வெளியீடு ஆகாது. "மெட்ராஸ்", "சென்னை" என்ற குழப்பத்துக்கு எங்கள் துறை வைத்த விதி: ஆங்கில நூலில் அச்சிட்டபடி, தமிழ் நூலில் எப்போதும் சென்னை. உங்கள் நெறியாளரைக் கேட்டு முடிவு செய்து, I கட்டத்தின் மேலே அந்த விதியை எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து மறந்துபோகும்.

6. ஆண்டு: உங்கள் கையில் இருந்த பிரதியின் ஆண்டு

சாமிநாதையரின் தன்வரலாறாகிய "என் சரித்திரம்" நூலாக வந்தது 1950-இல். நீங்கள் படித்தது பல பதிப்பு தாண்டிய ஒரு பிரதி. எந்த ஆண்டைப் போடுவது? படித்த பிரதியின் ஆண்டை. அடிக்குறிப்பில் நீங்கள் தந்த பக்க எண் அந்தப் பிரதிக்குத்தான் பொருந்தும். முதற்பதிப்பின் ஆண்டு உங்கள் வாதத்துக்கு முக்கியம் என்றால் அதைக் குறிப்புக் கட்டத்தில் வைத்து, நெறியாளர் சம்மதித்தால் பதிவின் கடைசியில் சேர்க்கலாம். பெருமைக்காக அவருடைய சீவகசிந்தாமணிப் பதிப்புக்கு 1887 என்றும் புறநானூற்றுப் பதிப்புக்கு 1894 என்றும் முதற்பதிப்பின் ஆண்டைப் போட்டுவிட்டுப் பக்க எண் மட்டும் புதுப் பதிப்பிலிருந்து கொடுத்தால் வாய்மொழித் தேர்வில் மாட்டுவீர்கள்.

திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருந்தால் 31 கழியுங்கள்: 2010 என்றால் 1979. அந்த ஆண்டு தை மாதத்தில் பிறப்பதால் சனவரி முதல் இரண்டு வாரத்தில் வந்த நூலுக்கு மட்டும் ஒன்று தள்ளிப்போகும். மிகப் பழைய நூல்களில் "பிரபவ" என்பதுபோல ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். பிரபவ என்றால் 1867, 1927, 1987 என்ற மூன்றும் சாத்தியம். அச்சகத்தின் பெயரையும் தாளையும் பார்த்தால் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் "ஆண்டு இல்லை" என்று எழுதுங்கள். H கட்டத்தை வெறுமையாக விட்டால் கோக்கும்போது தனியாகக் காற்புள்ளி தொங்கும்.

7. கோப்பது

துண்டுகள் சரியானதும் J கட்டத்தில் கோவையைப் போடுங்கள். எங்கள் துறை வைத்த வரிசை: பெயர், தலைப்பெழுத்து, பங்கு. தலைப்பு. பதிப்பு. ஊர்: பதிப்பகம், ஆண்டு.

```
=SUBSTITUTE(A2&IF(B2="","",", "&B2)
&IF(C2="","",", "&C2)&". #"&D2&"#. "
&IF(E2="","",E2&". ")
&F2&": "&G2&", "&H2&".","..",".")
```

தலைப்பெழுத்து புள்ளியில் முடியும், அதன்பின் கோவை இன்னொரு புள்ளி வைக்கும். அதனால் வரும் இரட்டைப் புள்ளியை ஒற்றையாக்கத்தான் வெளியே அந்த மாற்று. தலைப்பைச் சுற்றி # வைத்ததற்குக் காரணம் அடுத்த படியில் தெரியும். சாஸ்திரியின் வரியில் இதைப் போட்டால் வருவது:

```
Nilakanta Sastri, K. A. #The Pandyan Kingdom: From the
Earliest Times to the Sixteenth Century#. London:
Luzac & Co., 1929.
```

மூன்று பதிவு ஒன்றானது இப்படித்தான். உங்கள் துறை ஆண்டை முன்னால் கேட்டால் H2-வை முன்னால் நகர்த்துங்கள், நூறு பதிவும் ஒரே நொடியில் மாறும். எனக்குப் பாதி வழியில் அப்படி மாறியது. முதல் நான்கு நாள் முறையில் இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

இதழ்க் கட்டுரைத் தாளில் ஊரும் பதிப்பகமும் வேண்டாம். அவற்றின் இடத்தில் இதழ், தொகுதி, எண், பக்கம் என்று கட்டங்கள் வேண்டும். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் "செந்தமிழ்" போன்ற பழைய இதழ்களில் "தொகுதி", "பகுதி" என்று இருக்கும். பகுதியை எண் கட்டத்தில் போடுங்கள். பக்கம் என்பது கட்டுரை தொடங்கி முடியும் வரை, நீங்கள் மேற்கோள் எடுத்த ஒரு பக்கம் அல்ல.

8. அகரவரிசை

எக்செலோ வேர்டோ அடுக்கித் தந்ததை அப்படியே நம்ப வேண்டாம். யூனிகோடில் எழுத்துகள் நிற்கும் வரிசையும் நம் அகரவரிசையும் ஒன்றல்ல. யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. ள என்பது ழ-வுக்கு முன்னால் இருக்கிறது. சில மென்பொருள்கள் தமிழ் வரிசையை அறிந்து அடுக்கும், சில அறியாது. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள ஒரு வெற்றுத் தாளில் இந்த இரண்டு பெயரை அடித்து வரிசைப்படுத்துங்கள்: கனகசபை, கபிலன். கபிலன் முதலில் வந்தால் சரி. கனகசபை முதலில் வந்தால் யூனிகோடு வரிசை. அடுத்து சகந்நாதன், சக்திவேல் இரண்டையும் போடுங்கள். புள்ளி வைத்த எழுத்து முதலில் வர வேண்டும், ஆகவே சக்திவேல் முன்னால் நிற்க வேண்டும்.

தவறாக அடுக்கினால் பெரிய கவலை வேண்டாம். ன, ற, ழ, ள வரும் பெயர்களையும் இரண்டாவது எழுத்து புள்ளியாக இருக்கும் பெயர்களையும் மட்டும் கையால் நகர்த்தினால் போதும், எனக்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது. ஜ, ஸ, ஹ என்று தொடங்கும் பெயர்கள் கடைசியில் போகும். ஒரே ஆசிரியரின் பல நூல்கள் இருந்தால் ஆண்டு வரிசையா, தலைப்பின் அகரவரிசையா என்பதை நெறியாளரின் மாதிரியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. வேர்டுக்கு மாற்றுவது

J கட்டத்தை நகலெடுத்து வேர்டில் ஒட்டும்போது Keep Text Only என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அட்டவணையாக வந்து உட்காரும். எக்செலின் கோவையால் சாய்வெழுத்தைக் கொண்டுவர முடியாது, அதற்காகத்தான் #. வேர்டில் மாற்றும் பெட்டியைத் திறந்து Use wildcards என்பதைக் குறியிட்டு, தேடும் இடத்தில் முதல் வரியையும் மாற்றும் இடத்தில் இரண்டாவதையும் கொடுங்கள்:

```
#(*)#
\1
```

மாற்றும் இடத்தில் நிற்கும்போது Ctrl+I அழுத்திச் சாய்வெழுத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு Replace All கொடுங்கள். # மறையும், தலைப்பு சாயும். ஏதாவது ஒரு தலைப்பில் # ஒன்று குறைந்தால் அங்கிருந்து எல்லாம் தலைகீழாகும், ஆகவே கோப்பின் நகலில் முதலில் செய்து பாருங்கள். தமிழ்த் தலைப்புகள் சாய்ந்தால் படிக்கச் சிரமமாக இருக்கும். பல துறைகள் தமிழுக்குத் தடித்த எழுத்தைக் கேட்கின்றன. அப்படியென்றால் Ctrl+B. கடைசியாகப் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து Ctrl+T அழுத்தினால் முதல் வரி வெளியே நிற்க, மற்ற வரிகள் உள்ளே தள்ளிக்கொள்ளும்.

10. ஒப்படைப்பதற்கு முன்

அச்செடுத்த தாளில் அடிக்குறிப்புகளோடு ஒத்துப்பாருங்கள். பட்டியலில் பெயரை மாற்றியிருப்பீர்கள், அடிக்குறிப்பில் பழைய பெயரே இருக்கும். எனக்கு 19 இடத்தில் "சாஸ்திரி" என்றும் பட்டியலில் "நீலகண்ட சாஸ்திரி" என்றும் இருந்தது. அடிக்குறிப்பில் வராத நூல் பட்டியலில் இருந்தால் நீக்குங்கள், அடிக்குறிப்பில் வந்து பட்டியலில் இல்லாததைச் சேருங்கள். இந்த ஒப்பீட்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், இரண்டு பேர் உட்கார்ந்தால் அரை நாள். ஒருவர் அடிக்குறிப்பை வாசிக்க மற்றவர் பட்டியலில் டிக் போட வேண்டும்.

கட்டங்கள் உள்ள எக்செல் கோப்பை அழித்துவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு திருத்தம் சொல்வார்கள், அப்போது வேர்டில் கை வைக்காமல் கட்டத்தில் திருத்தி மறுபடி கோத்து ஒட்டுங்கள். பைண்டிங் கடையில் ஐந்து பிரதிக்கு இரண்டு நாள் கேட்பார்கள். ஒப்படைக்கும் கடைசித் தேதிக்கு முந்தின வாரம் கூட்டம் அதிகம், நான்கு நாள் முன்னதாகவே அச்சுத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.